கேமரா பக்கத்துல இருக்கிற கருப்பு வட்டம்: அதுக்குக் காசு கொடுக்கணுமா?

போன மாசம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். புது வாடகை வீடு. பெட்ரூம்ல ஒரு தூணுக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு பள்ளம் இருக்கு, பீரோ வைக்கிறதுக்குன்னே விட்ட மாதிரி. மாமா கையில லைடார் சென்சார் இருக்கிற போன். டேப் தேடவே இல்லை. போனை நீட்டினார், ரெண்டு தட்டு தட்டினார், 122 செ.மீ. என்று திரையில் வந்தது. நாலு அடி பீரோ என்றால் 120 செ.மீ. போல வரும். ரெண்டு செ.மீ. மிச்சம் இருக்கே என்று ஆர்டர் கொடுத்துவிட்டார்.

பீரோ வந்தது. உள்ளே போகவில்லை. ஹால்ல நிக்குது, இன்னைக்கும்.

"மச்சான், நீ எலக்ட்ரானிக்ஸ்தானே படிக்கிற? இந்த சென்சாருக்காகத்தான் நான் பெரிய மாடல் வாங்கினேன். போட்டோவுல பின்னாடி ப்ளர் நல்லா வரும், ரூமும் அளக்கலாம்னு சொன்னாங்க. இது சென்சார் தப்பா, என் தப்பா?" என்று கேட்டார். நான் அன்றைக்குச் சொன்ன பதில் மழுப்பல். இந்தக் கட்டுரை அதுக்கான ஒழுங்கான பதில். உங்க வீட்டிலும் யாராவது "போன் வாங்கணும், எது நல்லது?" என்று உங்களிடம் கேட்பார்கள். இன்ஜினியரிங் படிக்கிறோம் என்றாலே அந்த வேலை நம்ம தலையில்தான். அதனால் படிச்சு வச்சுக்கோங்க.

என் கருத்தை முதலிலேயே சொல்லிடறேன். பகலில் எடுக்கும் போர்ட்ரெய்ட் போட்டோவுக்கு டைம் ஆஃப் ஃப்ளைட் சென்சார் கிட்டத்தட்ட எந்த வித்தியாசமும் தருவதில்லை. ரூம் அளக்க அது உண்மையிலேயே உதவுகிறது. ஆனால் "பொருந்துமா, பொருந்தாதா" என்கிற கேள்விக்குப் பதில் சொல்லும் அளவுக்கு இல்லை. இதுக்காக மட்டும் ஒரு சாதாரண ஆள் பெரிய மாடலுக்குத் தாவ வேண்டியதில்லை. ஏன் என்று பார்ப்போம்.

சென்சார் என்ன செய்கிறது

கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அனுப்புவது, அது மோதித் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளப்பது, அவ்வளவுதான் அடிப்படை. ஒளி ஒரு நானோ செகண்டில் 30 செ.மீ. போகும். ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் சுவரில் பட்டுத் திரும்ப 6.7 நானோ செகண்ட். இதில் ஒரு செ.மீ. வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் 67 பிக்கோ செகண்டைப் பிரித்துப் பார்க்கணும்.

d = c × t / 2

இந்த t-யை அளக்க ரெண்டு வழி இருக்கிறது. ஒன்று நேரடி வழி. ஒளியைத் துடிப்பாக அனுப்பி, திரும்பி வரும் ஒவ்வொரு ஃபோட்டானையும் தனித்தனியாக உணரும் டயோடுகளை வைத்து, ஆயிரக்கணக்கான தடவை நேரம் குறித்து, எந்த நேரத்தில் அதிகமாகக் குவிகிறது என்று பார்ப்பது. 2020-ல் ஐபேட் ப்ரோவிலும் ஐபோன் 12 ப்ரோவிலும் வந்த லைடார் இந்த வகை. இன்னொன்று மறைமுக வழி. ஒளியின் பிரகாசத்தை சைன் அலை போல ஏற்றி இறக்கி அனுப்பி, திரும்பி வரும் அலை எவ்வளவு கட்டம் தள்ளிப் போயிருக்கிறது என்று பார்ப்பது. 2019-ல் சாம்சங் கேலக்ஸி எஸ்10 5ஜி, ஹுவாவே பி30 ப்ரோ போன்ற போன்களில் வந்த டிஓஎஃப் கேமராக்கள் இந்த வகை.

எம்பெடட் லேப்ல VL53L0X என்று ஒரு குட்டி மாட்யூலை ஆர்டுயினோவோடு சேர்த்துத் தடை தவிர்க்கும் ரோபோ செய்திருப்பீங்க. I2C முகவரி 0x29. அதுவும் இதே நேரடி வழி டிஓஎஃப்தான். ஆனா அது மொத்தமா ஒரே ஒரு தூரத்தைத்தான் சொல்லும், சுமார் 25 டிகிரி கூம்புக்குள் இருக்கும் எல்லாத்துக்கும் சேர்த்து.

இதை ஏன் சொல்றேன்னா, கடையில் "டெப்த் சென்சார்" என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வேறு சாமான்கள் விற்பனையாகின்றன. முதலாவது, உண்மையான டிஓஎஃப் கேமரா அல்லது லைடார். காட்சி முழுவதுக்கும் தூர வரைபடம் கொடுக்கும். ரெண்டாவது, "லேசர் ஆட்டோஃபோகஸ்". நம்ம லேப் மாட்யூலின் சொந்தக்காரன், ஃபோகஸ் செய்வதற்கு மட்டும். மூன்றாவது, பட்ஜெட் போன்களில் வந்த 2 மெகாபிக்சல் டெப்த் கேமரா. இது ஒளி அனுப்புவதே இல்லை. சாதாரண சின்ன கேமரா. மெயின் கேமரா படத்தோடு ஒப்பிட்டுத் தூரத்தை ஊகிக்க உதவும், அவ்வளவுதான். பின்பக்கம் எத்தனை வட்டம் இருக்கு என்று எண்ணி வாங்குகிறவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

எது உண்மையானது என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. டிவி ரிமோட் வேலை செய்கிறதா என்று போன் கேமரா வழியாகப் பார்ப்போம் இல்லையா, அதே உத்தி. பழைய போன் ஒன்றின் செல்ஃபி கேமராவைத் திறந்து, சோதிக்க வேண்டிய போனின் அந்தக் கருப்பு வட்டத்தைப் பாருங்க. பல செல்ஃபி கேமராக்களில் அகச்சிவப்பு வடிகட்டி கொஞ்சம் பலவீனமா இருக்கும். அளவு ஆப் ஓடும்போது வட்டத்துக்குள் மங்கலாக மினுக்கினால் அது ஒளி அனுப்புகிற சென்சார். ஆனா மினுக்கலைன்னா மட்டும் இல்லைன்னு முடிவு பண்ணிடாதீங்க. செல்ஃபி கேமராவின் வடிகட்டி நல்லதா இருந்தாலும் தெரியாது.

போர்ட்ரெய்ட்: ப்ளருக்கு என்ன தேவை?

போர்ட்ரெய்ட் போட்டோவில் போன் ரெண்டு வேலை செய்யணும். எது ஆள், எது பின்னணி என்று கோடு போட்டுப் பிரிப்பது ஒன்று. பின்னணியில் எது எவ்வளவு மங்கணும் என்று முடிவு செய்வது இன்னொன்று. டிஓஎஃப் இந்த ரெண்டிலும் கெட்டிக்காரன் என்றுதான் விளம்பரம் சொல்கிறது. ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதல்ல மங்கும் அளவு. உண்மையான லென்ஸில், ஃபோகஸ் செய்த தூரத்தின் தலைகீழுக்கும் பின்னணித் தூரத்தின் தலைகீழுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்துத்தான் ப்ளர் வட்டத்தின் அளவு மாறும். அதாவது தூரம் முக்கியமில்லை, 1/தூரம் முக்கியம். ஆள் 1.5 மீட்டரில் நிற்கிறார், பின்னால் 6 மீட்டரில் ஒரு மரம் என்று வையுங்கள். 1/1.5 என்பது 0.667. 1/6 என்பது 0.167. வித்தியாசம் 0.5. இப்போ போன் தப்பாக மரம் 7 மீட்டரில் இருக்கு என்று நினைத்துவிட்டது. 1/7 என்பது 0.143. வித்தியாசம் 0.524. ஒரு முழு மீட்டர் தப்பு, ப்ளரில் மாறியது வெறும் 5 சதவீதம். எந்தக் கண்ணுக்கும் தெரியாது. அதுக்கு மேல, லைடார் எட்டும் தூரமே ஏறத்தாழ 5 மீட்டர்தான். அந்த மரத்தை அது பார்க்கவே வாய்ப்பில்லை.

சரி, ரெண்டு கேமரா வைத்துத் தூரம் பார்க்கும் பழைய முறை எப்படி? ரெண்டு கேமராவுக்கும் நடுவே சுமார் ஒரு செ.மீ. இடைவெளி. 12 மெகாபிக்சல் படத்தில் 1.5 மீட்டரில் இருக்கும் ஆள் ரெண்டு படத்துக்கும் இடையே சுமார் 20 பிக்சல் நகர்ந்து தெரிவார். 3 மீட்டரில் இருக்கும் சுவர் 10 பிக்சல். இந்த நகர்வு 1/தூரத்துக்கு நேர் விகிதம். ப்ளருக்குத் தேவையானதும் 1/தூரம்தானே! ரெண்டு கேமரா முறை எதை அளக்கிறதோ அதுவேதான் ப்ளருக்குத் தேவை. தூரம் அதிகமாக அதிகமாக இந்த முறையின் துல்லியம் குறையும். ஆனால் அதே வேகத்தில் ப்ளருக்குத் துல்லியத்தின் தேவையும் குறைந்துகொண்டே போகும். இந்த ஒரு விஷயம் புரிந்த அன்றைக்குத்தான் எனக்கு டிஓஎஃப் மேல் இருந்த மயக்கம் போச்சு.

ரெண்டு கேமராகூட வேண்டாம். 2017-ல் கூகுள் பிக்சல் 2 ஒரே கேமராவில் போர்ட்ரெய்ட் செய்தது. ஒவ்வொரு பிக்சலும் இடது பாதி, வலது பாதி என்று பிரிந்திருக்கும் சென்சார் அது. லென்ஸின் இடது ஓரம் பார்ப்பதும் வலது ஓரம் பார்ப்பதும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்த ரெண்டு கேமரா மாதிரி. அந்தச் சின்ன இடைவெளியோடு, மனித உருவத்தைப் பிரித்தறியப் பழக்கிய நியூரல் நெட்வொர்க்கையும் சேர்த்து நல்ல படம் கொடுத்தார்கள்.

இப்போ கோடு போடும் வேலைக்கு வருவோம். போர்ட்ரெய்ட் நல்லா இருக்கா என்று நாம் எதைப் பார்த்துச் சொல்கிறோம்? காதோரம் பறக்கும் முடி, கண்ணாடி ஃபிரேம், ஜிமிக்கி, இடுப்பில் கை வைத்தால் நடுவில் தெரியும் ஓட்டை. எல்லாமே ஓரம். ஐபோன் லைடார் மூலம் ஆப் எழுதுபவர்களுக்குக் கிடைக்கும் தூர வரைபடம் 256 × 192 புள்ளிகள். அதுவும் சென்சார் நேரடியாக அளந்தது சில நூறு லேசர் புள்ளிகளை மட்டும். மீதியைக் கேமரா படத்தை வைத்து நிரப்புகிறார்கள். போட்டோவோ 4032 × 3024. வகுத்துப் பார்த்தால் தூர வரைபடத்தின் ஒரு புள்ளி, போட்டோவில் சுமார் 16 × 16 பிக்சல் கொண்ட ஒரு சதுரத்தை மூடுகிறது. ஒரு முடி ரெண்டு மூணு பிக்சல் தடிமன். பெயின்டர் பெரிய ரோலரை வைத்துக்கொண்டு ரங்கோலிப் புள்ளி வைக்கிற கதைதான்.

ஓரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு லேசர் புள்ளியில் பாதி முடியில் படும், பாதி தாண்டிப் போய்ப் பின் சுவரில் படும். ரெண்டும் கலந்து திரும்பினால் மறைமுக வழி சென்சார் ரெண்டுக்கும் நடுவில் ஒரு தூரத்தைச் சொல்லும். அந்த இடத்தில் எதுவுமே இருக்காது. இவற்றைப் பறக்கும் பிக்சல்கள் என்பார்கள். அதாவது நமக்கு எங்கே உதவி வேண்டுமோ, சரியாக அங்கேதான் டிஓஎஃப் குழம்புகிறது. அதனால்தான் கடைசியில் கோடு போடும் வேலையை நியூரல் நெட்வொர்க்கிடம் விட்டுவிடுகிறார்கள். ஓரம் பிசகினால் நாம் சென்சாரைத் திட்டுகிறோம், நன்றாக வந்தால் சென்சாரைப் பாராட்டுகிறோம். ரெண்டுக்கும் அது பொறுப்பில்லை.

நம்பலைன்னா நீங்களே செஞ்சு பாருங்க. ஹாஸ்டல்ல நாங்க செஞ்சது இதுதான். லைடார் இருக்கிற போனில் அந்தக் கருப்பு வட்டத்தின் மேல் மட்டும் சின்னதாக ஒரு துண்டு கருப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினோம். பகல் வெளிச்சத்தில், வராண்டாவில், தலை வாராத ஒரு நண்பனை நிறுத்தி அஞ்சு போட்டோ. டேப்பை எடுத்துவிட்டு அதே இடத்தில் அஞ்சு போட்டோ. பத்தையும் கலைத்துப் போட்டு எது எது என்று ஆறு பேரிடம் கேட்டோம். யாராலும் பிரிக்க முடியவில்லை. எனக்கும் முடியவில்லை. எந்தப் போனுக்கும் இந்தச் சோதனையை நீங்கள் செய்யலாம். மூடினாலும் படம் மாறவில்லை என்றால் நீங்கள் அந்தச் சென்சாருக்குக் கொடுத்த காசு இந்த வேலைக்கு இல்லை.

சரி, எங்கேயாவது உதவுமா?

உதவும். அதையும் நேர்மையா சொல்லணும். ரெண்டு கேமரா முறைக்கு வெளிச்சமும் வேணும், பிடித்துக்கொள்ள ஒரு வடிவமும் வேணும். வெறும் வெள்ளைச் சுவர் என்றால் எந்தப் பிக்சல் எங்கே நகர்ந்தது என்றே தெரியாது. ஜன்னல் கிரில் மாதிரி ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வந்தாலும் எந்தக் கம்பி எந்தக் கம்பியோடு பொருந்தும் என்று குழம்பும். இருட்டில் கேட்கவே வேண்டாம். டிஓஎஃப் தன் விளக்கைத் தானே எடுத்து வருகிறது. அதனால் ராத்திரி கோயில் திருவிழாவில், கல்யாண மண்டப வாசலில், மங்கலான வெளிச்சத்தில் எடுக்கும்போது ஃபோகஸ் சட்டென்று ஆள் மேல் நிற்கும். இதே டேப் சோதனையை ராத்திரி எட்டு மணிக்கு மொட்டை மாடியில் செய்தோம். மூடியிருந்தபோது ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடித் தவித்தது, ரெண்டு படம் அவுட். திறந்தவுடன் சரியாக விழுந்தது. ராத்திரி போர்ட்ரெய்ட் நிறைய எடுக்கிறவர் என்றால் உங்களுக்கு இது பயன்படும்.

வெயிலில் நிலைமை தலைகீழ். சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு ஏராளம். நம்ம சென்சாரின் சின்ன வெளிச்சம் அதில் மூழ்கிப் போகும். அதைக் குறைக்கத்தான் பல சென்சார்கள் 940 நானோமீட்டர் அலைநீளத்தைப் பயன்படுத்துகின்றன. வளிமண்டலத்தில் இருக்கும் நீராவி சூரிய ஒளியின் அந்தப் பகுதியைக் கொஞ்சம் உறிஞ்சிவிடும். கொஞ்சம்தான். உச்சி வெயிலில் எட்டும் தூரம் சுருங்கும்.

கம்பெனிகளும் இந்தக் கணக்கைப் போட்டிருக்க வேண்டும் என்பது என் ஊகம். சாம்சங் 2020-ல் எஸ்20 பிளஸ், எஸ்20 அல்ட்ராவில் டிஓஎஃப் கேமரா வைத்தது. 2021-ல் வந்த எஸ்21 வரிசையில் அது இல்லை. போர்ட்ரெய்ட் மோசமாகிவிட்டது என்று யாரும் போனைத் திருப்பிக் கொடுத்த மாதிரி தெரியவில்லை.

ரூம் அளப்பது: இங்கே நிஜமாவே வித்தியாசம் இருக்கு

டிஓஎஃப் இல்லாத போனும் அளக்கும். ஐபோனில் மெஷர் ஆப் 2018-லேயே வந்தது, லைடார் வருவதற்கு ரெண்டு வருஷம் முன்னாடி. அது எப்படி வேலை செய்கிறது? கேமரா படத்தில் இருக்கும் மூலைகள், புள்ளிகள் எப்படி நகர்கின்றன என்று பார்க்கும். கூடவே ஆக்சிலரோமீட்டர், ஜைரோஸ்கோப் இரண்டையும் வைத்து போன் எவ்வளவு நகர்ந்தது என்று கணக்கிடும். படம் மட்டும் வைத்துப் பார்த்தால் சின்ன ரூமை கிட்டப் பார்ப்பதும் பெரிய ரூமை எட்டப் பார்ப்பதும் ஒன்றுபோலத்தான் இருக்கும். "இது எத்தனை மீட்டர்" என்ற அளவுகோல் ஆக்சிலரோமீட்டரில் இருந்துதான் வருகிறது. அதனால்தான் முதலில் போனை அப்படி இப்படி ஆட்டச் சொல்லும். அந்த அளவுகோல் ரெண்டு மூணு சதவீதம் பிசகினால் எல்லா அளவும் அதே சதவீதம் பிசகும். டிஓஎஃப் வந்தால் அளவுகோல் நேரடியாகக் கிடைத்துவிடுகிறது. வெள்ளைச் சுவரும் உடனே தெரிகிறது.

எங்க ஹாஸ்டல் ரூமின் நீளச் சுவர் ஸ்டீல் டேப்பில் 364 செ.மீ. லைடார் போனில் அஞ்சு தடவை அளந்தோம்: 362, 365, 366, 363, 366. லைடார் இல்லாத போனில் அஞ்சு தடவை: 355, 371, 368, 359, 375. முதலாவதில் மிகக் குறைந்ததற்கும் அதிகத்துக்கும் இடைவெளி 4 செ.மீ. ரெண்டாவதில் 20 செ.மீ. ஒரே ரூம், ரெண்டே போன்தான்; இதை வைத்து ஊருக்கெல்லாம் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிகிறது. இங்கே சென்சார் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறது.

அப்போ மாமாவின் 122 எங்கே தப்பாச்சு? அன்றைக்கே டேப் வாங்கிவந்து அளந்தேன். மாமா அளந்தது நெஞ்சு உயரத்தில். அந்த உயரத்தில் உண்மையான அளவு 121. ஆக போன் பிசகியது ஒரே ஒரு செ.மீ. லைடார் போனுக்கு அது நல்ல அளவுதான். ஆனால் தரையோரம் ரெண்டு பக்கமும் ஸ்கர்ட்டிங் டைல் ஒட்டியிருக்கிறது, பக்கத்துக்கு ஒரு செ.மீ. தடிமன். தரையில் இடைவெளி 119. பீரோ 120. சென்சாரின் தப்பு ஒரு பங்கு, அளந்த இடத்தின் தப்பு ரெண்டு பங்கு. மாமா தரையோரமாக அளந்திருந்தாலும் அதே ஒரு செ.மீ. பிசகில் போன் 120 என்று காட்டியிருக்கும். "சரியா பொருந்துது" என்று ஆர்டர் போயிருக்கும். டேப்போடு குனிந்து அளக்கிறவன் ஸ்கர்ட்டிங் டைலை விரலால் தொட்டுவிடுவான். போனை நீட்டி நின்றுகொண்டு அளக்கிறவனுக்கு அது கண்ணிலேயே படாது. போன் அளவின் மிகப் பெரிய ஆபத்து இதுதான் என்று நினைக்கிறேன். திரையில் எண் ரொம்ப உறுதியா வந்து நிற்கும், நாமும் கீழே குனிய மாட்டோம்.

அந்த ஒரு செ.மீ. எங்கிருந்து வருகிறது? சென்சார் மட்டும் காரணமில்லை. ஆரம்பப் புள்ளியும் முடிவுப் புள்ளியும் நம் கைதான் வைக்கிறது. ரெண்டு மீட்டர் தள்ளி நின்று ஒரு டிகிரி பிசகித் தட்டினால் மூன்றரை செ.மீ. போச்சு. அடுத்தது மூலை. மூலையில் ஒளி நேராகத் திரும்பாமல் ஒரு சுவரில் பட்டு இன்னொரு சுவரில் பட்டு நீண்ட வழியில் வரும். சென்சாருக்கு மூலை கொஞ்சம் தள்ளி இருப்பது போலவும், கூர்மை போய் உருண்டை ஆனது போலவும் தெரியும். ரூமில் நாம் அளப்பதெல்லாம் மூலைக்கு மூலைதானே! கண்ணாடி வைத்த பீரோவும் பளபளக்கும் கருப்பு கிரானைட்டும் இன்னும் மோசம். கண்ணாடிக்குள் இன்னொரு ரூம் இருப்பதாகவே அது நம்பும்.

இன்னொன்றும் கவனித்தோம். ராத்திரி ரூம் லைட்டை அணைத்துவிட்டு அளந்து பார்த்தோம். சென்சாருக்கு இருட்டு பிரச்சினை இல்லை. ஆனால் ஆப் வெளிச்சம் பத்தாது என்று நின்றுவிட்டது. ஒரு மூலையில் ஆரம்பித்து இன்னொரு மூலைக்குப் போனைத் திருப்பும்போது, எவ்வளவு திரும்பினோம் என்று சொல்வது இன்னும் கேமராதான். லைடார் அதற்குப் பதில் இல்லை, அதன் கூட்டாளி.

இந்த இடத்தில் கொத்தனார், இன்டீரியர் ஆட்கள் கையில் இருக்கும் லேசர் மீட்டரை ஒப்பிட்டுப் பாருங்க. அதுவும் ஒளியை அனுப்பித் திரும்ப வாங்கும் அதே கொள்கைதான். ரெண்டாயிரம் ரூபாய் சுற்றில் கிடைக்கும். அட்டையில் ±2 மி.மீ. என்று போட்டிருக்கும். லட்ச ரூபாய் போனால் முடியாதது இதுக்கு எப்படி முடிகிறது? அது காட்சி முழுவதையும் பார்ப்பதில்லை. ஒரே ஒரு புள்ளி, மெல்லிய கற்றை, அந்த ஒரே புள்ளிக்கு நிதானமாக நேரம் எடுத்துச் சராசரி. முக்கியமாக, அதன் பின்பக்கம் ஒரு சுவரில் முட்டி நிற்கிறது. அதனால் ஒரு முனையில் பிசகே இல்லை, கை நடுக்கமும் இல்லை, போன் எவ்வளவு திரும்பியது என்ற கேள்வியும் இல்லை.

அப்போ எப்ப போன், எப்ப டேப்?

என் விதி இது. கணக்கில் தாராளம் இருந்தால் போன். உரசிப் பொருந்தணும் என்றால் டேப்.

பெயின்ட் அடிக்கணும், எத்தனை சதுர அடி என்று தெரியணுமா? போன் போதும். நீளத்தில் ஒரு சதவீதம், உயரத்தில் ஒரு சதவீதம் பிசகினால் பரப்பில் ரெண்டு சதவீதம். டப்பாவில் மிஞ்சும் பெயின்ட் அதைவிட அதிகம். தரைக்கு டைல் வாங்கும்போது எப்படியும் உடைசலுக்கு என்று கூடுதலாக வாங்குவோம், அதற்கும் போதும். வீடு பார்க்கப் போகும்போது ரூமை ஒரு சுற்றுச் சுற்றி வரைபடம் எடுத்துவைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து கட்டில் எங்கே, ஸ்டடி டேபிள் எங்கே என்று யோசிக்கலாம். 2022-ல் ஆப்பிள் ரூம்ப்ளான் என்ற வசதியை ஆப் எழுதுபவர்களுக்குக் கொடுத்த பிறகு இந்த வேலை ரொம்பவே எளிதாகிவிட்டது. இதற்கு லைடார் வேண்டும், டேப்பை வைத்து அந்த வேகத்தில் முடியாது. வாடகை வீட்டு புரோக்கர், இன்டீரியர் வேலை செய்கிறவர், சிவில் டிபார்ட்மென்ட் நண்பர்கள் என்று இதை வாரா வாரம் செய்கிறவர்களுக்கு அந்தச் சென்சார் காசுக்குத் தகும்.

நம்ம வீட்டு ஆட்கள்? வீடு மாறும்போது ஒரு தடவை, பிரிட்ஜ் வாங்கும்போது ஒரு தடவை. அந்த ரெண்டு தடவையும் கேள்வி "பொருந்துமா" என்பதுதான். அதற்குப் பதில் நூற்றைம்பது ரூபாய் டேப்.

ஐபோன் 16 இந்தியாவில் அறிமுகமானபோது விலை 79,900 ரூபாய். 16 ப்ரோ 1,19,900. நாற்பதாயிரம் வித்தியாசம். அந்த நாற்பதாயிரத்துக்கு ஜூம் கேமரா, நல்ல திரை என்று வேறு பல விஷயங்கள் வருகின்றன. அவை வேண்டும் என்று வாங்கினால் நான் தடுக்கப்போவதில்லை. "ப்ளர் நல்லா வரும், ரூம் அளக்கலாம்" என்று கடைக்காரர் சொன்னதுக்காக வாங்கினால்தான் எனக்கு வருத்தம். அப்படிச் சொன்னால் கடையிலேயே அவரிடம் கேளுங்க: டெமோ போனில் அந்தக் கருப்பு வட்டத்தை விரலால் மூடி ஒரு போர்ட்ரெய்ட், திறந்து ஒரு போர்ட்ரெய்ட். ரெண்டையும் பெரிதாக்கி முடியோரம் பாருங்க. பிறகு கவுன்டர் மேசையைப் போனால் மூணு தடவை அளந்து, மூணும் ஒரே எண்ணா என்று பாருங்க. ரெண்டு நிமிஷ வேலை.

இதுதான் மாமாவுக்கான பதில். "சென்சார் தப்பு ஒரு செ.மீ., உங்க தப்பு ரெண்டு செ.மீ." என்று போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ஸ்கர்ட்டிங்க வெட்டிரலாமா மச்சான்?" என்றார். ஹவுஸ் ஓனர் சம்மதிக்கவில்லையாம். பீரோ இன்னும் ஹால்லதான். மேலே அக்கா ஒரு ஸ்டீல் டேப் வாங்கி வச்சிருக்கா.